பீன்ஸ் ஊன்றும் முன் மண்ணின் சூட்டைப் பாருங்கள்

வணக்கமுங்க. திம்பம் ஏறித் தாளவாடிப் பக்கம் தோட்டம் செய்கிறவர்களுக்கும், பர்கூர், கடம்பூர், கொல்லிமலை விவசாயிகளுக்கும் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். மார்கழிக் கடைசியிலும் தை மாதத்திலும் பீன்ஸ் ஊன்றுகிறோம். நல்ல விதை, நல்ல உழவு, ஆனாலும் ஒரு காட்டில் சீராக முளைத்து நிற்கும், பக்கத்துக் காட்டில் பாதிக்குமேல் சந்து விழுந்து கிடக்கும். விதைக் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால், ஊன்றிய நாளில் மண் என்ன சூட்டில் இருந்தது என்று பார்க்க வேண்டும்.

கேரட்டும் முட்டைக்கோசும் 10 டிகிரி மண்ணில்கூட மெதுவாக முளைத்துவிடும். பீன்ஸ் அப்படியில்லை. 10 டிகிரியில் அது மேலே வரவே வராது. மண் 15 டிகிரியில் இருந்தால் வெளியே வர ஏறக்குறைய 16 நாள், 20 டிகிரியில் 11 நாள், 25 டிகிரியில் 8 நாள் ஆகும். மண்ணுக்குள் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அழுகல் பூஞ்சாணத்துக்கு விட்டுக்கொடுக்கும் நாள்தானுங்க.

இதற்கு ஒரு தெர்மாமீட்டர் போதும். உலோகக் குச்சி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் கருவி வேண்டாம், அது மண்ணின் மேல்தோலை மட்டும்தான் காட்டும். வாங்கியதும் ஒரு டம்ளர் நிறையப் பொடித்த ஐஸ் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, குச்சியை அதில் வையுங்கள். 0 காட்ட வேண்டும். 1 டிகிரி கூடுதலாகக் காட்டினால் எப்போதும் அந்த 1 டிகிரியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அளப்பதற்கு முன் காட்டுக்குத் தண்ணீர் கட்டியிருக்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காய்ந்த செம்மண் மத்தியானம் சட்டென்று சூடேறிவிடும், அதை நம்பி ஊன்றுவோம். தண்ணீர் பாய்ந்ததும் அந்தச் சூடு இறங்கிவிடும். விதை கிடக்கப்போவது ஈர மண்ணில், அதனால் அளவும் ஈர மண்ணில்தான் எடுக்க வேண்டும்.

விதை ஊன்றும் ஆழம் இரண்டு விரல் அகலம், ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். குச்சியின் நுனி அந்த ஆழத்தில் நிற்கட்டும். சுற்றிலும் மண்ணை விரலால் அழுத்தி, மேலே வெயில் படாமல் உங்கள் நிழலைக் காட்டி, 3 நிமிடம் கழித்துப் பாருங்கள். காலை 7 மணிக்கு ஒருமுறை, பிற்பகல் 3 மணிக்கு ஒருமுறை. அப்படி 3 நாள். மேட்டில் ஓரிடம், பள்ளத்தில் ஓரிடம், சவுக்கோ சில்வர் ஓக்கோ நிழல் விழும் ஓரத்தில் ஓரிடம். குளிர் காற்று கனமானது, ராத்திரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும்.

இப்போது இரண்டு எண்கள் கிடைக்கின்றன. காலை அளவையும் பிற்பகல் அளவையும் கூட்டிப் பாதியாக்கினால் அந்த நாளின் சராசரி. எத்தனை நாளில் முளைக்கும் என்பதைச் சொல்வது இந்தச் சராசரி. காலை அளவு வேறு ஒன்றைச் சொல்கிறது. காய்ந்த விதை முதன்முதலாகத் தண்ணீர் குடிக்கும் அந்த முதல் ஒரு நாள் மண் ரொம்பக் குளிர்ந்திருந்தால், விதையின் உள்சவ்வு சரியாக மூடிக்கொள்ளாமல் உள்ளே இருக்கும் சர்க்கரைச் சத்து வெளியே கசியும். அதைத் தேடித்தான் பூஞ்சாணம் வருகிறது. பிறகு வெயில் அடித்து மண் சூடானாலும் அந்த விதை தேறாது. ஆகவே சராசரி நன்றாக இருக்கிறது என்பதற்காகக் காலை அளவைத் தள்ளிவிடக் கூடாதுங்க.

ஒரு கணக்கு போடுவோம். மேட்டுக் காட்டில் 3 நாள் காலை அளவு 14, 13, 15. பிற்பகல் 23, 22, 24. சராசரி 18.5 டிகிரி. அப்படியானால் 12, 13 நாளில் முளை வெளியே வரும். ஊன்றலாம். அதே தோட்டத்தின் பள்ளத்தில் காலை 11, பிற்பகல் 21 என்று வந்தால் சராசரி 16. முளைக்க 15 நாள் ஆகும், காலை அளவும் தாழ்வு. அந்தத் துண்டை மட்டும் விட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். நான் வைத்துக்கொள்ளும் வரம்பு இது: சராசரி 18-க்கு மேல், காலை 12-க்கு மேல் இருந்தால் ஊன்றலாம். சராசரி 16-க்குக் கீழே போனால் எவ்வளவு அவசரமானாலும் வேண்டாம்.

நடுவில் 16, 17 என்று நின்றால் கொஞ்சம் உபாயம் செய்ய இடமிருக்கிறது. கிழக்கு மேற்காகப் பார் பிடித்து, தெற்குப் பார்த்த சரிவில் ஊன்றுங்கள். தை மாத வெயில் தெற்கிலிருந்து சாய்வாக வருவதால் அந்தப் பக்கம் கூடுதலாகச் சூடேறும். முன்பே தண்ணீர் கட்டி, மண் பதத்துக்கு வந்தபின் காலை 11 மணிக்குமேல் ஊன்றினால் விதை முதல் தண்ணீரை வெயில் ஏறிய மண்ணிலிருந்து குடிக்கும். சாயந்திரம் ஊன்றி, தொட்டித் தண்ணீரை உடனே விடுவதுதான் ஆகாத வேலை. ராத்திரி முழுக்கத் தொட்டியில் நின்ற தண்ணீரும் குளிர்ந்திருக்கும், போர்த் தண்ணீர் அப்போதே இறைத்ததானால் அவ்வளவு குளிர் இருக்காது.

விதையை ராத்திரி ஊறவைத்து ஊன்றும் வழக்கமும் இருக்கிறது. பீன்ஸுக்கு வேண்டாம். வறண்ட விதை மளமளவென்று தண்ணீர் இழுத்தால் பருப்பு குறுக்கே வெடித்துவிடும். கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, நிழலில் உலர்த்தி அப்படியே ஊன்றுங்கள்.

ஊன்றும் நாளில் அதே விதையில் 50 எண்ணி, ஈரத் துணியில் சுருட்டி வீட்டுக்குள் சூடான இடத்தில் வைத்துவிடுங்கள். 8-ஆம் நாள் அதைப் பிரித்து எண்ணுங்கள். அன்றைக்கே காட்டில் நாலு இடத்தில் விரலால் கிளறி விதையை எடுத்துப் பாருங்கள். கெட்டியாக, வெள்ளை வேர் விட்டிருந்தால் தாமதம் மட்டும்தான், பொறுத்திருக்கலாம். பருப்பில் குறுக்கு வெடிப்பும் பழுப்பு நுனியும் தெரிந்தால் முதல் நாள் குளிரோ, விதை அளவுக்குமேல் காய்ந்திருந்ததோ காரணம். அமுக்கினால் கூழாகி நாற்றம் அடித்தால் அழுகல். வீட்டுத் துணியில் 50-க்கு 45 முளைத்து, காட்டில் கிளறியதில் பாதி கெட்டிருந்தால் விதை மேல் குறை சொல்ல முடியாது. துணியிலும் 30-தான் முளைத்தது என்றால் விதை மோசம்.

பாதிக்கு மேல் கெட்டிருந்தால் 13-ஆம் நாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே முடிவு செய்யலாம். மூன்றில் ஒன்று மட்டும் போயிருந்தால், காலை அளவைப் பார்த்துக்கொண்டு சந்து இருக்கும் குழிகளில் மட்டும் மறுபடி விதை போடுங்கள். அதையும் முதல் முளை வெளியே தெரிந்த ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். அதற்குமேல் போட்டால் அந்தச் செடி முன்செடிகளின் நிழலில் மாட்டிக்கொள்ளும், காயும் வேறு வேறு நாளில் பறிக்கும்படி ஆகிவிடும்.