கூடுதலாக வந்த செக்: திருப்பிக் கேட்கும் அந்த 2,100 டாலர்

வணக்கம். திரையில் தெரிகிற செக்கைப் பாருங்கள். பெயர், கணக்கு எண் எல்லாவற்றையும் மறைத்திருக்கிறேன். நம் சேனலைப் பார்க்கிற ஒரு பெண்மணி அனுப்பிய படம் இது. வங்கியின் சின்னம், பின்னணியில் நீரோட்டக் கோடுகள் எல்லாம் பார்க்க அசலாகத்தான் இருக்கின்றன. தொகை 2,950 டாலர். அவர் விற்க நினைத்தது 700 டாலர் விலை போட்டிருந்த ஒரு பழைய டிஜிட்டல் பியானோ.

இடையில் இருக்கிற 2,250 டாலருக்கு வாங்குபவர் சொன்ன கணக்கு இது. "நான் இப்போது வெளிநாட்டில் வேலையில் இருக்கிறேன், நேரில் வர முடியாது. எனக்குப் பணம் தர வேண்டிய ஒருவர் அமெரிக்காவிலிருந்து உங்களுக்கு செக் அனுப்புவார். அதில் உங்கள் 700, உங்கள் சிரமத்துக்கு 150. மீதி 2,100-ஐ பியானோவை எடுத்துப் போக வரும் லாரிக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்." கூட்டிப் பார்த்தால் சரியாக 2,950 வருகிறது. இந்தக் கணக்கு சரியாக வருவதுதான் ஆளை மயக்குகிறது. 700 டாலர் பொருளை எடுத்துப் போக 2,100 டாலர் லாரிக் கூலியா என்று ஒருமுறை நின்று யோசித்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். ஆனால் கைக்கு 150 அதிகமாக வரும்போது நாம் யாரும் அந்தப் பக்கம் யோசிப்பதில்லை.

சரி, நாள் வாரியாகப் போவோம். செக் வருவதற்கு முன் அவர் கணக்கில் 400 டாலர் இருந்தது. திங்கட்கிழமை வங்கிக்குப் போய்க் கவுன்டரில் செக்கைப் போட்டார். புதன்கிழமை காலையில் கணக்கில் 3,350 டாலர் காட்டியது. அதே நேரத்தில் லாரிக்காரரிடமிருந்து வரிசையாக மெசேஜ்: வண்டி கிளம்பிவிட்டது, இன்றைக்கே பணம் வராவிட்டால் ஆர்டரை ரத்து செய்வோம். வங்கி ஊழியரிடம் "செக் கிளியர் ஆகிவிட்டதா?" என்று கேட்டிருக்கிறார். "பணம் கணக்கில் இருக்கிறது, எடுக்கலாம்" என்று பதில் வந்தது. மதியம் 2,100 டாலரை அனுப்பிவிட்டார். கணக்கில் மீதி 1,250.

அடுத்த வாரம் வியாழக்கிழமை செக் போலி என்று திரும்பி வந்தது. வங்கி முழு 2,950-ஐயும் கழித்துக்கொண்டது. 1,250-லிருந்து 2,950 போனால் மைனஸ் 1,700. செக் திரும்பியதற்கான கட்டணம் தனி. ஆக, அவருடைய சொந்த 400 போய், மேற்கொண்டு 1,700 டாலர் வங்கிக்குக் கடன். பியானோ? அது வைத்த இடத்தில்தான் இருக்கிறது. அதை எடுக்க யாரும் வரவே இல்லை, வரப்போவதும் இல்லை. திருடனுக்கு வேண்டியது நம் பொருள் இல்லை, அந்த மிச்சம் மட்டும்தான்.

இனி நான் உண்மையில் பேச வந்த விஷயம். அந்த ஊழியர் பொய் சொன்னாரா? இல்லை. கேள்விதான் தவறு. "எடுக்கலாம்" என்பதும் "செக் கொடுத்த வங்கி பணத்தைத் தந்துவிட்டது" என்பதும் இரண்டு வேறு விஷயங்கள். அமெரிக்காவில் ஒரு காலத்தில் வங்கிகள் வாடிக்கையாளரின் செக் பணத்தை நாள்கணக்கில் நிறுத்தி வைத்தன. அதைத் தடுக்க 1987-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி பெரும்பாலான உள்நாட்டு செக்குகளுக்கு ஓரிரு வேலை நாளில் பணத்தை எடுக்க விட்டாக வேண்டும். வங்கியே எழுதித் தரும் கேஷியர் செக்கை நேரில் போட்டால் பொதுவாக அடுத்த வேலை நாளிலேயே. போலி செக் அடிப்பவர்களுக்குக் கேஷியர் செக் மீது இவ்வளவு பிரியம் இருப்பது அதனால்தான். செக்கைப் பெற்றுக்கொள்கிற விற்பனையாளரும் "வங்கியே கொடுத்த செக், பவுன்ஸ் ஆகாது" என்று நம்பிவிடுகிறார்.

ஆனால் அந்த வரவு தற்காலிகம். செக் திரும்பினால் கணக்கில் போட்டவரிடமிருந்தே வங்கி பணத்தை எடுத்துக்கொள்ளும். அதற்குள் எடுத்துச் செலவழித்திருந்தாலும் பொறுப்பு நம்முடையதுதான்.

போலி செக் பிடிபட ஏன் இத்தனை நாள்? செக்கின் அடியில் காந்த மையில் ஒரு எண் வரிசை இருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான், மேலே அச்சடித்த வங்கிப் பெயரை அது பார்ப்பதில்லை. அதில், செக் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஒன்பது இலக்க ரூட்டிங் எண் ஒன்று உண்டு. சில போலி செக்குகளில் பெயர் ஒரு வங்கியுடையது, ரூட்டிங் எண் வேறு வங்கியுடையது. செக் தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வர நாலு நாள் கூடுதலாகும். திருடனுக்கு அந்த நாலு நாள் போதும். இன்னும் சில செக்குகளில் எண்கள் எல்லாமே அசல், யாரோ ஒரு நிறுவனத்தின் உண்மையான கணக்கு. அந்த நிறுவனம் கவனித்துப் புகார் செய்யும்வரை யாருக்கும் தெரியாது. அதனால் ரூட்டிங் எண்ணைச் சரிபார்த்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். பொருந்தாவிட்டால் சந்தேகப்படலாம், பொருந்துவதால் மட்டும் நல்ல செக் ஆகிவிடாது.

உங்கள் நாட்டுக்கு வெளியே உள்ள வங்கியின் செக் என்றால் இன்னும் மெதுவாகத்தான் நகரும். அப்போது வங்கியிடம் "வசூலுக்கு அனுப்புங்கள், பணம் வந்த பிறகு வரவு வையுங்கள்" என்று கேளுங்கள். வாரக்கணக்கில் ஆகலாம், கட்டணமும் உண்டு. ஆனால் கைக்கு வருவது நிஜமான பணம். முன்கூட்டியே வரவு வைத்தால் அது திரும்பப் பிடிக்கும் உரிமையோடு தரப்பட்ட பணம்.

செக் வேண்டாம், நேரடியாக டிரான்ஸ்ஃபர் செய்கிறேன் என்றாலும் இதே நாடகம் நடக்கும். சில நேரம் வருவது ரசீதுப் படம் மட்டும்: "நீங்கள் மீதியை அனுப்பியதும் தொகை விடுவிக்கப்படும்" என்று ஒரு மின்னஞ்சல். எந்த வங்கியும் அப்படி நிபந்தனை போடாது. சில நேரம் பணமே உண்மையாக வரும், ஆனால் அது திருடப்பட்ட கணக்கிலிருந்து வந்திருக்கும். உரியவர் புகார் செய்ததும் வந்த வழியே திரும்பும். நீங்கள் அனுப்பிய மீதி மட்டும் திரும்பாது, ஏனென்றால் அதைக் கேட்பவர் ஒருபோதும் வந்த கணக்குக்கே அனுப்பச் சொல்வதில்லை. வேறொரு பெயர், வேறொரு கணக்கு, அல்லது கிஃப்ட் கார்டு எண்கள்.

இங்கேதான் பிடி கிடைக்கிறது. உண்மையிலேயே தவறி அதிகமாக அனுப்பியவர், தன் வங்கி மூலமே திரும்பப் பெற ஒப்புக்கொள்வார். செக் என்றால் அதை மாற்றாமல் திருப்பித் தந்தால் வாங்கிக்கொண்டு சரியான தொகைக்கு வேறொன்று தருவார். அந்தப் பெண்மணி இப்போது இதே பியானோவை மீண்டும் விளம்பரம் செய்திருக்கிறார். போன வாரம் இன்னொருவர் 1,800 டாலருக்கு செக் அனுப்புவதாகச் சொன்னாராம். "சரியாக 700-க்கு அனுப்புங்கள், அதிகமாக வந்தால் செக்கை அப்படியே திருப்பி அனுப்புவேன்" என்று இவர் பதில் போட்டார். அந்த மெசேஜில் இரண்டு நீல டிக் விழுந்தது. அதற்குப் பிறகு பதில் இல்லை.

உங்களிடம் இப்படி ஒரு செக் இருந்தால், எண்களை மறைத்துவிட்டுப் படத்தை அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் சேர்ந்து பார்க்கலாம்.