சடன் பிரேக் போட்டா முன்சக்கரத்துல எத்தனை கிலோ ஏறுது? வே பிரிட்ஜ்ல அளந்துட்டேன்!

வணக்கம் மக்களே! இன்னைக்கு கொஞ்சம் சூடாவே ஆரம்பிக்கிறேன். போன பிரேக் பேட் வீடியோவுக்குக் கீழ ஒரே கமெண்ட் திரும்பத் திரும்ப வருது. "அண்ணா, பிரேக் அடிச்சா மூக்கு அமுங்குது, அதனாலதான் வெயிட் முன்னாடி போகுது. சஸ்பென்ஷனை கட்டியா வெச்சா போகாது." எனக்கு இது சுத்தமா பிடிக்காத பேச்சு. மூக்கு அமுங்குறது விளைவு. காரணம் அது இல்ல. ஸ்பிரிங்கே இல்லாத கோ-கார்ட்லயும் பிரேக் அடிச்சா முன்சக்கரத்துல பாரம் ஏறத்தான் செய்யும்.

வாயால சொன்னா நம்ப மாட்டீங்கன்னு தெரியும். அதான் நம்ம சிவப்பு ஹேட்ச்பேக்கை ரைஸ் மில்லுக்குப் பக்கத்துல இருக்குற வே பிரிட்ஜுக்கு ஓட்டிட்டுப் போனேன். ஒரு தடவை எடை போட நூறு ரூபா. முன்சக்கரம் ரெண்டும் மட்டும் மேடைல நிக்கும்போது ஒண்ணு, பின்சக்கரம் மட்டும் நிக்கும்போது ஒண்ணு, முழு வண்டி ஒண்ணு. மூணு சீட்டு, முந்நூறு ரூபா.

முன்னாடி 630 கிலோ. பின்னாடி 400. முழு வண்டி 1000. கூட்டிப் பாருங்க, 1030 வருதுல்ல? எனக்கு அப்படியே தலை சுத்திருச்சு. மேடை சாய்வா இருக்கான்னு பார்த்தேன், ஹேண்ட் பிரேக்கைப் பார்த்தேன், அங்க இருந்த அண்ணன்கிட்ட மெஷின் சரியான்னு வேற கேட்டேன். அவர் "இப்பதான் ஒரு லாரி ஏறி இறங்குச்சு, சரியாத்தான் காட்டுது"ன்னுட்டார். பத்து நிமிஷம் கழிச்சுதான் புரிஞ்சுது. முதல் தடவை எடை போடும்போது நம்ம கேமரா தம்பி பக்கத்து சீட்ல உட்கார்ந்திருந்தான். அப்புறம் படம் எடுக்க இறங்கிட்டான். அவன் எடை 60 கிலோ. முன் சீட்டு ரெண்டு அச்சுக்கும் ஏறக்குறைய நடுவுல இருக்குறதால அவன்ல பாதி, 30 கிலோ, முன்சக்கரத்துல உட்கார்ந்திருக்கு! இன்னொரு நூறு ரூபா குடுத்து மறுபடி போட்டேன். கரெக்டா 600. அந்த நானூறு ரூபா செலவுல எனக்குக் கிடைச்ச சந்தோஷம் இருக்கே, சொல்லி மாளாது.

சரி, நிக்கும்போது முன்னாடி 600, பின்னாடி 400. அச்சுக்கு அச்சு நீளம் 2.45 மீட்டர். அப்போ நிறை மையம் எங்க இருக்கும்? 60-க்கு 40 பங்குல பிரிங்க. முன் அச்சுல இருந்து 0.98 மீட்டர், பின் அச்சுல இருந்து 1.47 மீட்டர்.

இப்போ பிரேக். காலைல ஆறு மணிக்கு, யாருமே வராத அந்தப் பழைய லேஅவுட் ரோட்டுல, 50 கிலோமீட்டர் வேகத்துல ஓங்கி அடிச்சேன். பிரேக் லைட் எரிஞ்ச ஃப்ரேம்ல இருந்து வண்டி நின்ன இடம் வரைக்கும் 12.25 மீட்டர். 50 கிலோமீட்டர்னா செகண்டுக்கு 13.9 மீட்டர். வேகத்தோட வர்க்கத்தை தூரத்தோட ரெண்டு மடங்கால வகுத்தா சராசரி எதிர்முடுக்கம் ஏறக்குறைய 7.9. அதாவது புவியீர்ப்புல 0.8 பங்கு. அப்படின்னா ரோடு வண்டியைப் பின்னாடி இழுக்குற விசை 1000 கிலோ எடைல 0.8 பங்கு, 800 கிலோ. நான் எல்லாத்தையும் கிலோலயே சொல்றேன். நியூட்டன் வேணும்னா 9.8-ஆல பெருக்கிக்கோங்க.

அந்த 800 கிலோ இழுவை எங்க நடக்குது? டயர் அடில, ரோடு மட்டத்துல. வண்டியோட நிறை மையம் எங்க? தரைக்கு மேல 0.55 மீட்டர்ல. கீழ பிடிச்சு இழுக்குறாங்க, மேல உடம்பு முன்னாடி போகப் பார்க்குது. பஸ்ல நிக்கும்போது டிரைவர் பிரேக் அடிச்சா நாம முன்னாடி சாய்றோம்ல, அதேதான். வண்டி குப்புற உருளாம இருக்கணும்னா ரோடு முன்சக்கரத்தை இன்னும் பலமா மேல தள்ளணும், பின்சக்கரத்தை அதே அளவு குறைச்சுத் தள்ளணும். எடை எங்கயும் நடந்து போகல. மொத்தம் அதே 1000 தான். ரோடு குடுக்குற செங்குத்து விசை பங்கு மாறுது, அவ்வளவுதான்.

எவ்வளவு மாறுது? 800-ஐ 0.55-ஆல பெருக்கி 2.45-ஆல வகுங்க.

```
800 × 0.55 / 2.45 ≈ 180
Nf = 600 + 180 = 780
Nr = 400 - 180 = 220
```

இந்தக் கணக்குல ஸ்பிரிங் எங்கயாவது வந்துச்சா? வரல! உயரம், நீளம், இழுவை, இந்த மூணுதான். ஸ்பிரிங்கைக் கட்டியா வெச்சா மூக்கு கம்மியா அமுங்கும், பாரம் சீக்கிரம் போய்ச் சேரும். ஆனா அதே 180 தான்.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். இன்ஜினியரிங் படிக்கிற தம்பி ஒருத்தர் கணக்கைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். பின்சக்கரம் தரையைத் தொடுற புள்ளியைச் சுத்தி திருப்புத்திறன் எடுத்திருக்கார். உராய்வு அந்த மட்டத்துலயே போறதால அது பூஜ்யமாயிருச்சு, முன்னாடி அதே 600 வந்துருச்சு. "ட்ரான்ஸ்ஃபரே இல்லையே அண்ணா"ங்குறார். தம்பி, வண்டி வேகம் குறைஞ்சுகிட்டு இருக்கு. அந்தப் புள்ளியைச் சுத்தி எடுத்தா, நிறை மையத்துல முன்னோக்கி ஒரு 800 நிலைம விசையைப் போட்டே ஆகணும். அதை மறந்தா நின்னுகிட்டு இருக்குற வண்டிக்குத்தான் விடை வரும். குழப்பமே வேண்டாம்னா நிறை மையத்தைச் சுத்தியே எடுங்க. 780-ஐ 0.98-ஆல பெருக்குங்க, 220-ஐ 1.47-ஆல பெருக்குங்க, கழிங்க. 440 பக்கம் வரும். 800 பெருக்கல் 0.55-ம் 440 தான்.

அந்த 0.55 மட்டும் நான் அளக்கல. சீட் உயரத்தை வெச்சு எடுத்த மதிப்பு. அஞ்சு சென்டிமீட்டர் தப்பா இருந்தா 180-ல 16 கிலோ கூடும் குறையும், அதுக்கு மேல போகாது.

இப்போ பின்னாடி டிரம் பிரேக் குடுத்து ஏமாத்துறாங்கன்னு கோவப்படுறவங்களுக்கு. இந்த ரோட்டுல டயர் பிடிப்பு 0.8-ன்னு வெச்சுக்கோங்க. 220 கிலோ பாரம் இருக்குற பின் அச்சால அதிகபட்சம் 176 கிலோதான் இழுக்க முடியும். மீதி 624-ஐயும் முன்னாடிதான் இழுக்குது. நிக்கும்போது இருக்குற 400-ஐ நம்பி பின்னாடி 320 குடுத்தீங்கன்னா பின்சக்கரம் லாக் ஆகிரும். பின்சக்கரம் முதல்ல லாக் ஆனா வண்டி பம்பரம் மாதிரி சுத்திரும். முன்சக்கரம் லாக் ஆனா நேரா வழுக்கும், ஸ்டியரிங் கேக்காது. ரெண்டுல முதலாவதுதான் எனக்கு பயம்.

அதே வண்டி, மழை ரோட்டுல 0.4 தான் கிடைக்குதுன்னா மாறுற பாரம் 90 தான். முன்னாடி 690, பின்னாடி 310. இப்போ மொத்த இழுவைல பின்னாடியோட பங்கு இன்னும் கொஞ்சம் கூட இருக்கலாம். இப்படி ரோட்டுக்கு ரோடு பங்கு மாறிக்கிட்டே இருக்குறதாலதான், பிரேக் விசையை முன்னாடி பின்னாடி பிரிச்சுக் குடுக்குற EBD-ங்குற எலக்ட்ரானிக் சிஸ்டம் எந்தச் சக்கரம் வேகமா மெதுவாகுதுன்னு பார்த்து, பின்னாடி போற பிரேக் அழுத்தத்தை அப்பப்போ குறைக்குது.

அடுத்த வாரம் பின்பக்கத்தை உயரத் தூக்கி வெச்சு, முன்சக்கரத்தை மறுபடி எடை போட்டு, அந்த 0.55-ஐ நிஜமாவே அளக்கப் போறேன். அந்த அண்ணன்கிட்ட இப்பவே சொல்லி வெச்சிருக்கேன். கேமரா தம்பி வெளியதான் நிப்பான்.