கிருஷ்ணகிரில ஏத்துற பலூன் 30 கிலோமீட்டர்ல எவ்வளவு பெருசாகும்? முழுக் கணக்கு

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஒரே ஒரு பலூன், அதுக்கு ஒரே ஒரு கணக்கு. வானிலை பலூன்னு விக்கிற லேடெக்ஸ் பலூன், 600 கிராம் எடை. இதுல 2 கன மீட்டர் ஹீலியம் அடைச்சு கிருஷ்ணகிரில இருந்து விட்டா, மேல போகப் போக என்ன சைஸ் ஆகும், எங்க வெடிக்கும்? இதைத்தான் கம்பைண்டு கேஸ் லா வெச்சுப் பார்க்கப் போறோம்.

ஃபார்முலா பத்தாவது, பதினொண்ணாவது படிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சதுதான்:

P1V1/T1 = P2V2/T2

P அழுத்தம், V கன அளவு, T கெல்வின்ல வெப்பநிலை. 1னு போட்டது தரையில, 2ன்னு போட்டது மேல.

இதுக்கு ஒரே நிபந்தனை, உள்ள இருக்கிற கேஸ் வெளிய போகக் கூடாது. கழுத்தை இறுக்கிக் கட்டின பலூன் அப்படித்தான் இருக்கும். மத்த மூணும் மாறலாம். மேல போறப்ப அழுத்தம் குறையுது, அது பலூனை ஊதும். குளிரும் கூடுது, அது பலூனைச் சுருக்கும். ரெண்டும் எதிரெதிரா இழுக்குது. எது எங்க ஜெயிக்குதுங்கிறதுதான் விஷயமே.

முதல்ல தரையில இருக்கிற P1. இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. போன்ல வெதர் ஆப்பைத் திறந்தா கிருஷ்ணகிரிக்கு 1010 ஹெக்டோபாஸ்கல்னு காட்டும். அது நம்ம ஊரு அழுத்தம் இல்லை, கடல் மட்டத்துக்கு மாத்திச் சொல்ற நம்பர். நாம இருக்கிறது கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரத்துல, இங்க உண்மையான அழுத்தம் 955 பக்கம்தான் இருக்கும். போன்லயே பேரோமீட்டர் சென்சார் இருந்தா அதுல பாருங்க, இல்லன்னா BMP280 சென்சார் ஒண்ணு வாங்கிப் படிங்க. ஆப் நம்பரைப் போட்டா ஆரம்பத்துலயே 5, 6 சதவீதம் தப்பு.

சரி, P1 955 ஹெக்டோபாஸ்கல், V1 2 கன மீட்டர், வெயில் 30 டிகிரி. அதுல 273 கூட்டினா T1 303 கெல்வின். இந்த 2 கன மீட்டர்னா பலூன் குறுக்களவு ஒண்ணரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல, நம்ம கண் உயரம் வரைக்கும் வரும்.

இப்ப மேல போவோம். நம்ம ஊருக்கு மேல ரொம்பக் குளிரான இடம் சுமார் 16, 17 கிலோமீட்டர்ல வருது. அங்க அழுத்தம் சுமார் 100 ஹெக்டோபாஸ்கல், வெப்பநிலை மைனஸ் 80 டிகிரி பக்கம். நெட்ல கிடைக்கிற ஸ்டாண்டர்ட் அட்டவணைல மைனஸ் 56.5 டிகிரின்னு போட்டிருக்கும், 11 கிலோமீட்டர்லயே குளிர் நின்னுடுற மாதிரி காட்டும். அது நடு அட்சரேகை நாடுகளுக்கு ஒத்து வர்ற அட்டவணை. வெப்ப மண்டலத்துல காத்து இன்னும் மேல வரைக்கும் குளிர்ந்துக்கிட்டே போகும், அதனால நம்ம கணக்குக்கு மைனஸ் 80தான் சரி.

மைனஸ் 80ன்னா 193 கெல்வின். கணக்கைப் போடுங்க: 2 பெருக்கல் 955/100 பெருக்கல் 193/303. வர்றது 12.2 கன மீட்டர். குளிரை மறந்துட்டு அழுத்தத்தை மட்டும் போட்டிருந்தா 19.1 வந்திருக்கும். அதாவது அழுத்தம் ஒன்பதரை மடங்கு ஊதப் பார்க்குது, குளிரு அதுல மூணுல ஒரு பங்கைத் திருப்பிப் பிடுங்கிடுது. இதே இடத்துல செல்சியஸ்லயே போட்டுப் பாருங்க, மைனஸ் 51 கன மீட்டர்னு வரும். இப்படி மைனஸ்ல வந்தா உடனே தப்பு தெரிஞ்சுடும். ரெண்டு வெப்பநிலையும் ப்ளஸ்ல இருந்தா தப்பு கண்ணுக்கே தெரியாது, அதுதான் ஆபத்து. அதனால எப்பவும் 273 கூட்டின பிறகுதான் அடுத்த வரி.

16, 17 கிலோமீட்டரைத் தாண்டினதும் கதை மாறுது. ஓசோன் வெயிலை உறிஞ்சுறதால காத்து மறுபடி சூடாக ஆரம்பிக்கும். அழுத்தம் மட்டும் குறைஞ்சுக்கிட்டே இருக்கும். இதுவரைக்கும் எதிரா இழுத்த வெப்பநிலை இப்ப அழுத்தத்தோட சேர்ந்து பலூனை ஊத ஆரம்பிக்குது. 30 கிலோமீட்டர்ல அழுத்தம் வெறும் 12 ஹெக்டோபாஸ்கல், வெப்பநிலை மைனஸ் 43 டிகிரின்னு வெச்சுக்கங்க, 230 கெல்வின். 2 பெருக்கல் 955/12 பெருக்கல் 230/303. கிட்டத்தட்ட 121 கன மீட்டர், அறுபது மடங்கு! ஆனா குறுக்களவு அறுபது மடங்கு ஆகாது, அதோட கனமூலம்தான், நாலு மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. 6.1 மீட்டர் வருது. 600 கிராம் பலூன் தாங்குறது சுமாரா 6 மீட்டர் குறுக்களவு வரைக்கும்தான். அதனால இந்த பலூன் 30 கிலோமீட்டரைத் தொடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே வெடிக்கும்.

இங்க ஒரு அழகான விஷயம் இருக்கு. பலூன் அறுபது மடங்கு பெருசாச்சே, தூக்குற சக்தியும் அறுபது மடங்கு ஆகுமா? ஆகாது. பலூன் எவ்வளவு விரியுதோ அதே அளவுக்கு வெளிக்காத்து லேசாயிடுது. 955லயும் 303லயும் 2 கன மீட்டர்னா சுமார் 76 மோல் ஹீலியம். அது எங்க போனாலும் தள்ளுறது 76 மோல் காத்துதான். ஒரு மோலுக்குக் காத்து 29 கிராம், ஹீலியம் 4 கிராம், வித்தியாசம் 25. மொத்தம் 1.9 கிலோ தூக்கும், தரையிலயும் அதேதான், 25 கிலோமீட்டர்லயும் அதேதான்.

அதனாலதான் கேஸ் அடைக்கிறப்ப பலூன் சைஸை டேப் வெச்சு அளக்காதீங்க, எடையை வெச்சு அளங்கன்னு சொல்றேன். காலைல 18 டிகிரில அளந்த 2 கன மீட்டரும், மத்தியானம் 38 டிகிரில அளந்த 2 கன மீட்டரும் ஒண்ணு இல்லை, 5 மோல் வித்தியாசம். எடைக்கு அந்தக் குழப்பமே கிடையாது. 1.9 கிலோல பலூனோட சொந்த எடை 600 கிராம் போக மீதி 1.3 கிலோ. ஒரு வாட்டர் பாட்டில்ல தண்ணி ஊத்தி, கயிறு, குழாயோட முனை எல்லாம் சேர்த்து 1.3 கிலோ வர்ற மாதிரி எடை போட்டு வெச்சுக்கங்க. அதைப் பலூன் கழுத்துல தொங்க விட்டு மெதுவா கேஸ் திறங்க. பாட்டில் தரையை விட்டு எழும்பி, மேலயும் போகாம கீழயும் வராம நிக்கும் பாருங்க, அந்த நொடில வால்வை மூடணும். காத்தடிக்கிற இடத்துல இது வேலைக்கு ஆகாது, பாட்டில் ஆடிக்கிட்டே இருக்கும். கல்யாண மண்டபம், ஷெட் மாதிரி மூடின இடம் வேணும். வெறுங்கையால ரப்பரைத் தொடாதீங்க, கிளவுஸ் போட்டுக்கங்க.

"இன்னும் கொஞ்சம் அடைச்சா இன்னும் மேல போகுமே"ன்னு தோணும். நேர் எதிர். 4 கன மீட்டர் அடைச்சா வேகமா ஏறும், ஆனா 6 மீட்டர் குறுக்களவை சீக்கிரமே தொட்டுடும். ஃபார்முலாவைத் திருப்பிப் போட்டு P2 கண்டுபிடிச்சா 25 ஹெக்டோபாஸ்கல்ல வெடிக்கணும்னு வருது, அது 25 கிலோமீட்டர். கேஸும் ரெண்டு மடங்கு செலவு, உயரத்துல 5 கிலோமீட்டர் நஷ்டம்.

கணக்கு எங்க பிசகும்னும் சொல்லிடறேன். T2ன்னு நாம போட்டது வெளிக்காத்தோட வெப்பநிலை. பகல்ல வெயில் பட்டு உள்ள இருக்கிற கேஸ் அதை விடச் சூடா இருக்கும், அப்ப நிஜ சைஸ் கணக்கை விடப் பெருசு, கொஞ்சம் கீழயே வெடிக்கும். ராத்திரி வேற பிரச்சினை, அந்த மைனஸ் 80ல ரப்பர் விறைச்சு, 12 கன மீட்டர்லயே கிழியலாம். பலூன் 17 கிலோமீட்டர் பக்கத்துல வெடிச்சிருந்தா ஃபார்முலாவைச் சந்தேகப்படாதீங்க, ரப்பரைச் சந்தேகப்படுங்க.

இன்னொண்ணு, ஜிபிஎஸ் பதிவுல ஏறுற வேகத்தைப் பாருங்க. தூக்குற சக்தி மாறாததால வேகமும் பெருசா குறையக் கூடாது. ஆரம்பத்துல இருந்தே சீரா குறைஞ்சுக்கிட்டே வந்தா கேஸ் கசியுதுன்னு அர்த்தம். அப்ப மோல் எண்ணிக்கையே மாறுது, இந்த ஃபார்முலா அந்த பலூனுக்குப் பொருந்தாது. அடுத்த தடவை கழுத்தை மடிச்சு ரெண்டு இடத்துல கட்டுங்க. அப்புறம் நாம பெங்களூரு விமானப் பாதைக்குப் பக்கத்துல இருக்கோம், விமானப் போக்குவரத்து அதிகாரிகள்கிட்ட அனுமதி வாங்காம எதையும் பறக்க விடாதீங்க.