வேலை எங்கே தேங்குகிறது?

வணக்கம். வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் சொல்லும் சிறிய குழுக்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்: “எல்லாரும் நாள் முழுக்க உழைக்கிறோம், ஆனாலும் பதில் போய்ச் சேர நாலு நாள் ஆகிறது.” பெரும்பாலும் குறை உழைப்பில் இருப்பதில்லை. வேலை ஏதோ ஓரிடத்தில் தேங்கிக்கொண்டிருக்கும். எல்லாரும் மும்முரமாக இருப்பதாலேயே அந்த இடம் தெரியாது. கான்பன் பலகையில் எழுதும் வரம்பு அதைக் காட்டிக்கொடுக்கும்.

கான்பன் முறையை டொயோட்டா தொழிற்சாலைகளில் வளர்த்தவர் டாய்ச்சி ஓனோ. அடுத்த கட்டத்துக்குத் தேவைப்படும்போதுதான் முந்தைய கட்டம் பாகத்தைச் செய்யும், செய்து குவிக்காது. புகார்களைக் கையாளும் குழுவுக்கும் இதே விதிதான். பலகையில் வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பத்தி இருக்கும். ஒவ்வொரு புகாரும் ஒரு டிக்கெட்டாக அதில் நிற்கும். பத்தியின் தலைப்பில், ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை டிக்கெட் இருக்கலாம் என்று எழுதியிருக்கும்.

ஐந்து பேர் உள்ள ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் புகாரை ஆராய்ந்து பதில் எழுதுகிறார்கள். அனுபவமுள்ள ஐந்தாமவர் அவற்றைச் சரிபார்த்து அனுப்புகிறார். ஒரு நாளைக்கு 20 புகார் வருகிறது, நால்வரும் 20 பதில் எழுதிவிடுகிறார்கள். சரிபார்ப்பவரால் 16தான் முடிகிறது. தினமும் 4 பதில் மிஞ்சுகிறது. பத்து வேலை நாளில் சரிபார்ப்புப் பத்தியில் 40 டிக்கெட் நிற்கும். கடைசியில் நிற்பது வெளியே போக இரண்டரை நாள் வேண்டும். எழுதுகிறவர்களுக்கு இது உறைக்காது. அவர்கள் கணக்கில் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது சரிபார்ப்புக்கு வரம்பு 4, ஆராய்வதற்கு ஆளுக்கு இரண்டு வீதம் 8 என்று வைக்கிறோம். கொஞ்ச நேரத்திலேயே சரிபார்ப்பு நிரம்பிவிடும். எழுதி முடித்த பதிலை அங்கே தள்ள முடியாது, அதனால் அது ஆராயும் பத்தியிலேயே நிற்கும். அப்புறம் அதுவும் நிரம்பும். புதிய புகாரை எடுக்க வழியில்லாமல் யாராவது ஒருவர் கை சும்மா இருக்கும். பல மேலாளர்கள் இந்தக் கட்டத்தில் பதறிப்போய் 4ஐ 8 ஆக்கிவிடுகிறார்கள். தேடிக்கொண்டிருந்த தகவல் கைக்கு வந்த நொடியில் அதை அழித்துவிடுவது அது.

பலகையை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். இரண்டு பத்திகள் நிரம்பியிருந்தால், எதற்கு அடுத்த பத்தி வேலையில்லாமல் காலியாக இருக்கிறதோ அதுதான் நெரிசலின் இடம். இடப்பக்கம் நிரம்பியிருப்பது அதன் விளைவு மட்டுமே. இங்கே ஆராயும் பத்தியும் நிரம்பியிருக்கிறதே என்று பதில் எழுத ஆறாவது ஆளைச் சேர்த்தால் ஒரு பதில்கூடக் கூடுதலாக வெளியே போகாது.

கை சும்மா இருப்பவர் செய்ய வேண்டியது, சரிபார்ப்பவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்பது. அந்த 20இல் 6 புகார் கடவுச்சொல் மாற்றுவது போன்ற எளிய விஷயம் என்று தெரியவருகிறது என்று வையுங்கள். என்றோ ஒரு தவறு நடந்தபோது “எல்லாப் பதிலையும் சரிபார்க்கணும்” என்று போட்ட விதி அப்படியே நின்றுவிட்டது. அந்த ஆறும் நேராக அனுப்பப்பட்டால் சரிபார்ப்புக்கு வருவது 14. அவரால் முடிவது 16. தேக்கம் நாளுக்கு இரண்டாகக் கரையத் தொடங்கும்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: வரம்பு மட்டும் வேலையை வேகமாக்காது. வரும் புகார்களை அது குறைப்பதுமில்லை. விதியை மாற்றாமல் விட்டிருந்தால் அந்த 40 டிக்கெட்டில் பெரும்பாலானவை ‘புதியவை’ பத்தியில் நின்றிருக்கும். ஆனாலும் அங்கே நிற்பது மேல். இன்னும் யாரும் கைவைக்காததால் அவசரமானதை முன்னால் எடுக்கலாம்.

எண்ணை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஆளுக்கு ஒன்றிரண்டு என்று தொடங்கலாம். வாரக்கணக்கில் யாருமே வரம்பில் முட்டவில்லை என்றால் எண் பெரியது. ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு இடத்தையும் கவனியுங்கள்: ‘வாடிக்கையாளர் பதிலுக்காக’ என்ற பத்தி. அதற்கு வரம்பு வைப்பது கடினம், அவர் எப்போது எழுதுவார் என்பது நம் கையில் இல்லை. அதனாலேயே, மற்ற பத்திகள் இறுகியதும் தேவையில்லாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு டிக்கெட்டை அங்கே ஒதுக்கும் பழக்கம் வரும். வரம்பு போட்ட பிறகு அந்தப் பத்தி மட்டும் வீங்கினால் நெரிசல் அங்கே ஒளிந்திருக்கிறது. அதற்கு எண்ணைவிட நாள் கணக்கு பொருந்தும்: மூன்று நாள் நின்ற ஒவ்வொரு டிக்கெட்டையும் குழு ஒன்றாகத் திறந்து, அந்தக் கேள்வி உண்மையிலேயே தேவைப்பட்டதா என்று பார்க்கட்டும். நன்றி, வணக்கம்.