வந்தான், வந்தா: மூக்கொலிக் குறி எப்போ போடணும்?

வணக்கம் மக்களே, உச்சரிப்ப எழுதற சர்வதேச குறிமுறையான ஐபிஏ-ல எழுதும்போது, மூக்கொலிக்கு உயிர் மேல போடற டில்டே, மூச்சுக் காத்துக்குப் போடற குட்டி h எல்லாம் எங்க போடணும்னு நிறைய பேருக்கு குழப்பம் இருக்கு, அதனால இன்னைக்கு ஒரே ஒரு ஜோடிய எடுத்து முழுசா பாப்போம்.

"அவன் வந்தான்", "அவ வந்தா". பேச்சுல ரெண்டையும் சாதாரணமா சொல்லிப் பாருங்க. முதல் வாக்கியத்துக் கடைசில நாக்கு நுனி மேல போய் ஒட்டுதா? பெரும்பாலும் ஒட்டாது, ஆ-ங்கற உயிரே மூக்கு வழியா போயிடும். அந்த ஆ-வ நீட்டிக்கிட்டே மூக்கப் பிடிங்க, சத்தம் மாறும். "வந்தா"ல அப்படி செஞ்சா மாறாது.

அப்போ நேரோவா, அதாவது கேட்டத நுணுக்கமா எழுதினா [ʋan̪d̪ãː], [ʋan̪d̪aː]. காதுக்கு கேக்கற வித்தியாசமே அந்த டில்டே மட்டும்தான், அத விட்டா ரெண்டும் ஒண்ணாயிடும்.

ஆனா பிராட்ல, அதாவது அர்த்தத்த மாத்தற ஒலிகள மட்டும் எழுதும்போது, டில்டே வேணாம். ஏன்னா பின்னாடி கேள்வி ஆ சேத்துப் பாருங்க: "வந்தானா?", "வந்தாளா?" ஒளிஞ்சிருந்த ன், ள் ரெண்டும் வெளிய வந்துடுச்சு பாத்தீங்களா! அதனால /ʋandaːn/, /ʋandaːɭ/னு எழுதினா போதும், மூக்கொலி எங்க வரும்னு விதியே சொல்லிடும். சாய்கோட்டுக்குள்ள மொழி எத வேறுபடுத்துதுன்னு எழுதறோம், சதுர அடைப்புக்குள்ள வாய் என்ன செஞ்சுதுன்னு எழுதறோம்.

இங்க அடிக்கடி நடக்கற தப்பு, [ãːn]னு ரெண்டையும் போடறது. டில்டேன்னா உயிர்ல மூக்குக் காத்து, n-னா நாக்கு நுனி அடைக்குது, ரெண்டும் தனித்தனி தகவல், நாக்கு ஒட்டலேன்னா அந்த n பொய். நிறுத்தி அழுத்தமா சொல்றவங்ககிட்ட நிஜமாவே ன் கேக்கும், அப்போ தாராளமா போடுங்க.

குட்டி h-க்கும் இதே கணக்குதான். இந்தில /pəl/னா நொடி, /pʰəl/னா பழம், அர்த்தமே மாறுது, அதனால பிராட்லயும் அது கட்டாயம். இங்கிலீஷ் pin-ல பிரிட்டிஷ்காரங்க, அமெரிக்கர்கள் வாயில மூச்சு வரும், spin-ல வராது, அது இடத்த வச்சே தெரியறதால பிராட்ல /pɪn/, நேரோல [pʰɪn]. ஆனா நம்ம ஆளுங்க நிறைய பேர் இங்கிலீஷ் பேசும்போது pin-லயும் அந்த மூச்சு வராது, அந்த ரெக்கார்டிங்க எழுதும்போது புத்தகத்துல இருக்குன்னு ʰ போட்டுடாதீங்க ப்ளீஸ், கேட்டத எழுதுங்க.

இன்னொண்ணு, எல்லா குறியையும் ஒரேடியா போட வேண்டியதில்ல, உங்க கேள்வி மூக்கொலி பத்தின்னா டில்டே மட்டும் போடுங்க, ஆனா போட ஆரம்பிச்சா அந்த ரெக்கார்டிங் முழுக்க போடணும், ஏன்னா ஒரு இடத்துல போட்டு இன்னொரு இடத்துல விட்டா, படிக்கறவங்க அங்க மூக்கொலி இல்லைன்னுதான் எடுத்துப்பாங்க.