ஷிஃப்ட் மாறும் அந்தப் பத்து நிமிடம்

(அலுவலகப் பணியாளர்களுக்கான கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

அலுவலகத்தில் இரண்டு பேர் காதலிக்கிறார்கள் என்றால் அது டீமுக்குத் தெரிய ஒரு வாரம் ஆகும். பிரிந்துவிட்டார்கள் என்றால் ஒரே நாளில் தெரிந்துவிடும். அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்பது நம் வேலை இல்லை. பிரிந்த பிறகு நைட் ஷிஃப்ட் யார் தலையில் விழுகிறது என்பது நம் வேலை. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

ஒரு சப்போர்ட் டீமை எடுத்துக்கொள்வோம். எட்டுப் பேர், நான்கு ஜோடி. காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் 10, இரவு 10 முதல் 6 என்று மூன்று ஷிஃப்ட். நான்காவது ஜோடிக்கு 9 முதல் 6 வரை ஜெனரல் ஷிஃப்ட். வாரம் ஒருமுறை சுற்று மாறும். ஆக, நான்கு வாரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாரம் இரவு, ஒரு வாரம் ஜெனரல். அந்த ஜெனரல் வாரத்தில்தான் பேங்க் வேலை, பிள்ளையின் ஸ்கூல் மீட்டிங், பல் டாக்டர் எல்லாம் நடக்கும்.

இந்த எட்டுப் பேரில் இருவர் பிரிகிறார்கள். ஏற்கெனவே வெவ்வேறு ஜோடியில் இருப்பவர்கள்தான். "எங்க ரெண்டு பேரையும் நேருக்கு நேர் ஹேண்டோவர் பண்ற மாதிரி போடாதீங்க" என்கிறார்கள். கேட்கும்போது சின்ன விஷயமாகத்தான் தெரியும். லீடும் சரி என்றுவிடுவார்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஷிஃப்ட் மதியத்திடம் ஒப்படைக்கும், மதியம் இரவிடம், இரவு மறுநாள் காலையிடம். மூன்று ஷிஃப்டில் எந்த இரண்டை எடுத்தாலும் அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் நிற்கும். ஆகவே இவர்கள் ஒரே ஷிஃப்டிலும் இருக்கக்கூடாது, ஹேண்டோவரிலும் சந்திக்கவே கூடாது என்றால், எல்லா வாரமும் இருவரில் ஒருவர் ஜெனரலில் இருந்தாக வேண்டும். மாதத்துக்கு ஒரு வாரம் கிடைத்த ஜெனரல், அவர்கள் இருவருக்கும் ஆளுக்கு இரண்டு வாரமாகிவிடும். நான்கு வாரத்தில் இருக்கும் ஜெனரல் இடங்கள் மொத்தமே எட்டு. அதில் நான்கை அவர்கள் எடுத்துக்கொண்டால் மீதி ஆறு பேருக்கு நான்குதான் மிஞ்சும். மாதாமாதம் இரண்டு பேருக்கு அந்த வாரம் கிடைக்காது.

யாரும் அநியாயம் செய்ய நினைக்கவில்லை. ஆனால் அநியாயம் நடந்துவிட்டது. மூன்றாவது மாதத்தில் "அவங்க லவ் பண்ணதுக்கு நான் ஏன் விடியக்காலம் 4 மணிக்கு எழுந்திரிக்கணும்" என்று ஒருவர் கேட்பார். கேட்பவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லாதீர்கள். அவர் அட்டவணையைச் சரியாகப் படித்திருக்கிறார், அவ்வளவுதான்.

அப்படியானால் என்ன செய்வது? அட்டவணையைத் தொடாதீர்கள். ஹேண்டோவரை மாற்றுங்கள். ஷிஃப்ட் முடிய 15 நிமிடம் இருக்கும்போது, திறந்திருக்கும் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் நான்கு விஷயம் எழுத வேண்டும்: டிக்கெட் எண், இதுவரை என்ன செய்தோம், அடுத்து என்ன செய்ய வேண்டும், யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறோம். இதை எட்டுப் பேரும் இருக்கிற குழுவில் போட வேண்டும், எட்டுப் பேரும் எழுத வேண்டும். பிரிந்த இருவர் மட்டும் எழுதினால் அது அவர்கள் நெற்றியில் ஒட்டிய சீட்டு மாதிரி ஆகிவிடும்.

எழுத்தில் அடங்காதது சில இருக்கும். கஸ்டமர் கோபமாக இருக்கிறார், மூன்று மணிக்கு மறுபடி கூப்பிடுவார் என்பது மாதிரி. ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருவர் இருப்பதால், அதைக் கூட இருக்கும் இன்னொருவர் வாயால் சொல்லலாம். ஆனால் அதுவும் அவருக்குக் கூடுதல் வேலை. நான்கு வாரம், ஒரு சுற்று, அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. தேதியை முதலிலேயே லீட் சொல்லிவிட வேண்டும். தேதி சொல்லாத ஏற்பாடு ஆறு மாதம் ஓடும். பிறகு நிறுத்தச் சொல்பவர்தான் வில்லன்.

சக ஊழியர்கள் வழுக்குகிற இடம் தூது. "அவகிட்ட அந்த ரிப்போர்ட் முடிஞ்சுதான்னு கேட்டுச் சொல்லேன்" என்பான். நட்புக்காகப் போய்க் கேட்பீர்கள். முதல் நாள் ரிப்போர்ட் மட்டும் போகும். நான்காம் நாள், "கேட்டப்ப மூஞ்சி எப்படி வச்சிருந்தா?" என்று வரும். அதற்கும் பதில் சொல்லிவிட்டால் நீங்கள் நடுவில் இல்லை, ஒரு பக்கத்தின் ஆள். முதல் நாளே, "டிக்கெட்டுலயே கேட்டுடுப்பா, அவங்க பாத்துப் பதில் போடுவாங்க" என்று சொல்லிவிடுங்கள். முகம் சுளிக்க வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம்.

நடுநிலை என்றால் இருவரிடமிருந்தும் விலகி நிற்பது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒருவர் உங்கள் நெருங்கிய சிநேகிதி என்றால் சாயங்காலம் அவரோடு டீ குடியுங்கள், அழுதால் கேளுங்கள். அங்கே கேட்டது டிக்கெட்டுக்குள் வரக்கூடாது. உங்களை நீங்களே சோதிக்க ஒரு வழி உண்டு. அவன் செய்த தவறைப் பற்றி மெயில் எழுதும்போது, அனுப்பும் முன் அவன் பெயரை எடுத்துவிட்டு உங்களுக்குப் பிடித்த இன்னொருவர் பெயரைப் போட்டுப் படியுங்கள். "எப்பவும் போல" என்ற இரண்டு சொல் உறுத்தினால் அதை வெட்டிவிடுங்கள். அப்ரைசலுக்காகச் சக ஊழியரைப் பற்றிக் கருத்து கேட்டாலும் இதேதான். தேதியும் வேலையும் சொல்ல முடிந்தால் எழுதுங்கள், "டீமோடு ஒட்டுவதில்லை" என்று மொட்டையாக எழுதாதீர்கள்.

இன்னொன்று, ஒருவரை விட்டுவிட்டுத் தொடங்கும் வாட்ஸ்அப் குழு. மீம் போடட்டும், பரவாயில்லை. வெள்ளிக்கிழமை சர்வர் நிறுத்தப்படும் என்ற தகவல் அங்கே மட்டும் வந்தால், விடுபட்டவர் இரவு 10 மணிக்கு ஒன்றும் தெரியாமல் வந்து உட்காருவார்.

இருவரில் ஒருவர் மற்றவருக்கு லீடாக இருந்தால் இதெல்லாம் போதாது. காதலிக்கும்போதே ரிப்போர்ட்டிங் மாற வேண்டும். தீபாவளிக்கு முதல் நாள் லீவு யாருக்குக் கிடைத்தது என்று டீம் பார்க்கும். உண்மையிலேயே அவர் முதலில் விண்ணப்பித்திருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். பிரிந்த பின் அதே கை ரேட்டிங் போட்டால், நல்ல ரேட்டிங்கும் கெட்ட ரேட்டிங்கும் இரண்டுமே சந்தேகம்தான். இதை மேனேஜரிடம் சொல்வது கோள் சொல்வதாகாது. உறவைப் பற்றிப் பேசாமல், "லீவு ஒப்புதல் வேற ஒருத்தர்கிட்ட போகட்டும்" என்று மட்டும் கேளுங்கள்.

நடுநிலை முடியும் இடம் ஒன்று உண்டு. அவள் வேண்டாம் என்ற பிறகும் அவன் மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருக்கிறான், கேப் ஏறும் இடத்தில் வந்து நிற்கிறான் என்றால் அது பிரிவின் சோகம் அல்ல. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். இந்தச் சட்டத்தில் புகார் தரக்கூடியவர் பெண். ஆணுக்கு இதே தொல்லை வந்தால் நிறுவனத்தின் சொந்த விதிகளின்படி எச்ஆரிடம் போக வேண்டும்.

இங்கே பலர் நல்ல எண்ணத்தில் செய்யும் தவறு, சமாதானம் பேசப் போவது. சட்டத்திலேயே சமரசத்துக்கு வழி இருக்கிறது. ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் அந்தப் பெண், செய்ய வேண்டியது குழு. பணம் கொடுத்து முடிக்கவும் முடியாது. நீங்கள் செய்யக்கூடியது, கண்ணால் பார்த்ததைத் தேதியோடு குறித்துவைத்து, குழு கேட்டால் சொல்வது. கேன்டீனில் சொல்லக்கூடாது. புகாரின் விவரத்தை வெளியிடுவதையும் அதே சட்டம் தடுக்கிறது.

பெரும்பாலும் இவ்வளவு தூரம் போகாது. கொஞ்ச நாளில் ஒருவர் பேப்பர் போடுவார். நோட்டீஸ் காலம் ஓடும், கடைசி நாளில் கேக் வாங்குவீர்கள். போகிறவர் மதிய ஷிஃப்டிலும் மற்றவர் காலை ஷிஃப்டிலும் இருந்தால், அதைப் பகல் 2 மணிக்கு வெட்டாதீர்கள். எல்லோரும் இருப்பார்கள் என்றுதான் அந்த நேரத்தை வைப்போம், ஆனால் இருவரும் வந்தே தீர வேண்டிய நேரமும் அதுதான். 4 மணிக்கு வையுங்கள். மற்றவருக்கு விருப்பமிருந்தால் இருந்து சாப்பிட்டுப் போகட்டும், இல்லையென்றால் 2 மணிக்கே பையை எடுத்துக்கொண்டு கிளம்பட்டும்.