பனங்கொட்டைப் பாத்தியும் பேரப்பிள்ளையின் தமிழும்

(வடமராட்சியில் எங்கள் ஊர் வாசிகசாலையின் ஆண்டு விழாவில் பேசியது. கேட்டவர்கள் விரும்பியதால் எழுத்தில் தருகிறேன்.)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்திருக்கும் அதிபர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, மாதர் சங்கத் தலைவி அவர்களே, முன்வரிசையில் விசிறியோடு இருக்கும் தாய்மாரே, பின்மதிலில் ஏறியிருக்கும் தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம். இந்த மேடைக்கு மின்விளக்குப் போட்டுத் தந்த கனடா அன்பருக்கும் நன்றி. தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். தலைவர் ஏற்கனவே இரண்டு தரம் சொல்லிவிட்டார், அது வேறு கதை.

‘வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளும் நாங்களும்’ என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று, அவர்களோடு எப்படிக் கதைப்பது. இரண்டு, தொலைபேசி. மூன்று, அங்கே இருக்கும் தாய் தகப்பன் செய்ய வேண்டியது.

‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வருகிறோம். முதலில் வருவது கை, பிறகுதான் நா. இதை நான் பாடசாலையில் முப்பது வருடம் படிப்பித்தேன். விளங்கியது போன வருடம் ஆவணியில்தான்.

என்னுடைய அக்காவின் பேரன் கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து வந்திருந்தான். பத்து வயது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிற பிள்ளை, எழுத்துக் கூட்டி வாசிப்பான். வந்த அன்று பின்னேரம் அக்காவுக்கு முன்னால் நின்று, மனப்பாடம் பண்ணி வந்ததைச் சொன்னான்: “அம்மம்மா, என்னுடன் பேசுங்கள்.”

அக்காவின் முகம் போய்விட்டது. “நான் ஏன் ராசா உன்னைப் பேசப் போறன்? நீ என்ன பிழை செய்தனி?” என்றா. எங்களுக்குப் பேசுவது என்றால் ஏசுவதல்லவா! பிள்ளை புத்தகத் தமிழில் கதைக்கக் கேட்டான். இவ ஏச்சுக் கேட்கிறான் என்று நினைத்தா. (சிரிப்பு) அங்கே நின்ற மாமாமாரும் இப்படித்தான் சிரித்தார்கள். அதோடு பெடியன் வாயை மூடிவிட்டான். மூன்று நாள் எதற்கும் ‘ஓம்’ மட்டும்தான். சாப்பிட்டியோ? ஓம். குளிச்சியோ? ஓம். பசிக்குதோ? ஓம். அந்த ‘ஓம்’ விளங்கிவிட்டது என்பதற்கான ஓம் இல்லை, ‘என்னை விடுங்கோ’ என்பதற்கான ஓம். உண்மையில் விளங்கியதோ என்று அறிய வேண்டுமென்றால் கை காட்டாமல், “அடுப்படியிலை கிடக்கிற அகப்பையை எடுத்துக்கொண்டு வா” என்று சொல்லிப் பாருங்கள். கரண்டியோடு வந்தாலும் பாதி விளங்கியிருக்கிறது.

நாலாம் நாள் இரவு வளவில் ‘தொம்’ என்று ஒரு சத்தம். பிள்ளை பயந்து எழும்பினான். பனம்பழம் விழுந்தது என்று சொல்ல அக்காவிடம் ஆங்கிலம் இல்லை. விடியப் பனையோலைக் கடகத்தோடு வளவுக்குக் கூட்டிப்போய்க் காட்டினா. “எடு” என்றா. எடுத்தான். “போடு” என்றா. போட்டான். கொஞ்ச நேரத்தில் “காணும், காணும்” என்றா. அவன் அண்ணாந்து பார்க்கிறான், என்னத்தைக் காணும் என்று! போதும் என்பதற்கு நாங்கள் காணும் என்கிறோம் என்பது அவன் புத்தகத்தில் எங்கே இருக்கிறது?

இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. எடு, போடு, வை, பிடி: தமிழில் ஆகச் சின்ன வினைச்சொல் ஏவல்தான். வால் ஒன்றும் இல்லை. நான் போட்டேன், நீ போட்டாய், அவன் போட்டான் என்று வால் மாறும் இடத்தில்தான் இந்தப் பிள்ளைகள் தடக்குப்படுகிறார்கள். ஆனால் ‘போட்டாச்சு’ என்று பாருங்கள், யார் போட்டாலும் போட்டாச்சுதான். வேணும், வேண்டாம், ஏலும், ஏலாது, தெரியாது, இல்லை, இவையும் ஆளுக்கு ஆள் மாறாதவை. இந்தச் சில சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை ஒரு நாள் முழுக்கச் சமாளிக்கலாம். எளிய தமிழ் என்பது மழலைத் தமிழ் அல்ல, வால் மாறாத தமிழ். அன்று மத்தியானம் பெடியன் சொன்ன முதல் வசனம்: “அம்மம்மா, போட்டாச்சு.”

பழத்தைப் பிசைந்து களி எடுத்துப் பணியாரம் சுட்டா. மிஞ்சிய கொட்டைக்குப் பாத்தி. மண்ணைக் கொத்திப் புழுதியாக்கி மேடு கட்டி, கொட்டையை நெருக்கி அடுக்க வேண்டும். அவன் எண்ணி எண்ணி வைத்தான். எண்பத்தொன்பது வரை வந்தது. அடுத்தது? “ஒன்பது பத்து” என்றான். கணக்குச் சரிதானே! அக்கா சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. “தொண்ணூறு” என்றபடி அடுத்த கொட்டையை எடுத்துக் கையில் கொடுத்தா. அவனும் “தொண்ணூறு” என்று வைத்தான். வாத்தியாராக நான் நின்றிருந்தால் நிறுத்திப் பாடம் நடத்தியிருப்பேன், பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு போயிருப்பான். சித்திரமும் கைப்பழக்கம் என்றேனே, அது இதுதான்.

நோய், பயம், வீட்டு நினைப்பு என்று வரும்போது இந்தச் சில சொல் காணாது. “வயித்துக்கை நோகுது” என்று பிள்ளைக்குச் சொல்லத் தெரியாவிட்டால் உடனே தாயைக் கூப்பிடுங்கள். அந்த நேரம் தமிழ் படிப்பிக்க வேண்டாம்.

தொலைபேசிக்கு வருகிறேன். பிள்ளை திரும்பிப் போனபின் மற்ற வீடுகளில் ‘சாப்பிட்டியோ, குளிரோ’ இரண்டோடு கதை முடிந்துவிடும். அக்கா வீட்டில் பாத்தி இருந்தது. “மழை பெய்ததோ?”, “முளை வந்தாச்சோ?” என்று அவன்தான் கேட்டான். தை மாதம் பாத்தியில் பனங்கிழங்கு கிண்டும்போது எங்களுக்கு ஞாயிறு காலை ஏழு மணி, அவனுக்குச் சனி இரவு எட்டரை. நான் போனைப் பிடித்தேன், அக்கா ஒரு கிழங்கை இழுத்தா. “எத்தினை?” என்று அங்கிருந்து கேட்கிறான். கொட்டையைப் பிளந்து உள்ளே இருக்கும் தின்கிற பூரானைக் காட்டியபோது, “எனக்கு வேணும்” என்றான். கிழங்கை அவித்துப் புழுக்கொடியலாகக் காயவைத்து, அடுத்த பயணக்காரரிடம் கொடுத்தனுப்பினோம்.

ஆனால், பெரியோர்களே, கிழங்குக்குப் போட்ட பாத்தியில் பனை வராது. தொண்ணூற்று நாலு கொட்டையையும் கிண்டிச் சாப்பிட்டுவிட்டோம்! பனையின் முளை நேரே நிலத்துக்குள் ஆழமாக இறங்குவது. பிறகு பிடுங்கி வேறிடத்தில் நடலாம் என்பது நடக்காத காரியம். எந்த இடத்தில் மரம் வேணுமோ அந்த இடத்திலேயே கொட்டையைப் புதைக்க வேண்டும். சண்டைக் காலத்தில் பங்கருக்கு மூடுமரமாகப் போன பனைகளுக்குப் பதில் எங்கள் குளக்கட்டில் ஒன்றாவது நட்டோமா? கிராம அலுவலர் அவர்கள் இங்கேயே இருக்கிறார், குளக்கட்டு அனுமதியை இந்த மேடையிலேயே கேட்கிறேன். (கைதட்டல்) அதிபர் அவர்கள் மாணவரைத் தந்து உதவ வேண்டும். மாதர் சங்கம் தேத்தண்ணி தருவதாகச் சொல்லியிருக்கிறது, நன்றி.

நல்லூர்க் கொடியேற்றத்துக்குக் கிட்டத்தான் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள், பனம்பழமும் அப்போதுதான் விழும். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளை பொறுக்குகிற கொட்டையில் பாதி பாத்திக்கு, பாதி குளக்கட்டுக்கு. சித்திரமும் கைப்பழக்கம், ஆறடிக்கு ஒரு கொட்டை.

மூன்றாவது விஷயம்... தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். தாய் தகப்பன்மாரைப் பற்றி அடுத்த வருடம் சொல்கிறேன். கொடியேற்றத்துக்கு அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் குளக்கட்டுக்கு வாருங்கள். கடகம் வாசிகசாலையில் நாலு இருக்கிறது. மண்வெட்டி அவரவர் கொண்டு வர வேண்டும்.